டாக்ரோலிமஸ் ரத்தப் பரிசோதனை: காலை மாத்திரையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்

சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின், நோயெதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைப் பார்ப்பது, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் ரத்தத்தில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று அறியத்தான். காலை 8, இரவு 8 என்று சாப்பிடுபவர், காலை 8 மணியையொட்டி ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரையைப் போட வேண்டும். 7 மணிக்கே போட்டுவிட்டு 9 மணிக்கு ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்க வழி பிறக்கும். தவறிப் போட்டுவிட்டால் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். வேறு நாள் எடுப்பார்கள்.

அளவு நிஜமாகவே ஏறுவதும் உண்டு. சளிக்கு கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் தந்தால், டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதி முடங்கி, சில நாட்களிலேயே கை நடுக்கமும் கிரியாட்டினின் உயர்வும் வரலாம். கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் இதே வேலையைச் செய்யும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர், அளவைச் சரித்துவிடும். ஆகவே புது மருந்து எதுவானாலும் முதல் மாத்திரைக்கு முன்பே மாற்று சிகிச்சைக் குழுவிடம் கேளுங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். அவை சிறுநீரகத்தையே தாக்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றே அழையுங்கள். நோயெதிர்ப்பு அடங்கியிருப்பதால் பெரிய தொற்றும் லேசாகத்தான் தலைகாட்டும்.