பதினோரு டிக்கெட், ஒரே தப்பு: ஆளுக்கு இத்தனை என்று எண்ணுவதில் தவிர்க்க வேண்டியவை

காரைக்குடியில் எங்கள் ஆபீஸ் ஒரு பழைய வீட்டின் முன்பாதியில் இருக்கிறது. கீழே ஆத்தங்குடிக் கல், மேலே தேக்கு உத்தரம், நடுவே ஐந்து டெவலப்பர்கள். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருவது எங்கள் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன், ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில், முதலாளி அண்ணன் முகப்பில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். இடதுபக்கம் பெயர், வலதுபக்கம் அந்த மாதம் க்ளோஸ் செய்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. கடைகளிலிருந்து வரும் புகாரையும் செய்யவேண்டிய வேலையையும் ஒவ்வொன்றாகப் பதிந்துவைப்பதைத்தான் டிக்கெட் என்கிறோம். "யார் எவ்வளவு வேலை பார்க்கிறாங்கன்னு எனக்கும் தெரியணும்ல தம்பி" என்றார். டீம் லீட் நான்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆகஸ்ட் கடைசியில் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இளைய தம்பி பெயருக்கு நேரே 38 என்று இருந்தது. டேட்டாபேஸ் வேலையைப் பார்க்கும் அக்காவின் பெயருக்கு நேரே 4. அந்த 38-இல் 11 டிக்கெட் ஒரே தப்பினுடையவை. அக்காவின் 4-இல் ஒன்று அந்தத் தப்பையே வேரோடு பிடுங்கியது.

டிக்கெட்டையும் பிரச்சினையையும் ஒன்றாக நினைப்பது

ஒரு ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது. "தம்பி, ரெண்டு பில்லுக்கும் ஒரே நம்பர் விழுந்திருக்கு." இரண்டாவது பில்லுக்கு அடுத்த காலி எண்ணைப் போட்டு டேட்டாபேஸில் மாற்றிவிட்டால் திரையில் எல்லாம் சரியாகிவிடும். இருபது நிமிஷ வேலை. டிக்கெட் க்ளோஸ். மூன்று நாள் கழித்து அதே கடை, அதே புகார், புது டிக்கெட். பலகையில் இன்னொரு எண் ஏறியது.

காரணம் இந்த ஒரு வரிதான்:

```sql
SELECT MAX(bill_no) + 1 FROM bills WHERE branch_id = 3;
```

இருப்பதில் பெரிய பில் எண்ணைப் பார், ஒன்றைக் கூட்டு, அதைப் புது பில்லுக்குக் கொடு. கடையில் ஒரு கவுன்டர் மட்டும் ஓடினால் இதில் பிசகு வராது. ஆடிக் கூட்டத்தில் நாலு கவுன்டரும் ஒன்றாக ஓடும்போது, இரண்டு கவுன்டர்கள் ஒரே நொடியில் "பெரிய எண் எது?" என்று கேட்கின்றன. இரண்டுக்கும் 4170 என்றே பதில் வருகிறது. இரண்டுமே 4171 என்று அச்சடித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகின்றன. சாதாரண நாளில் நாங்கள் எத்தனை முறை சோதித்தாலும் இது வராது.

தம்பி டேட்டாபேஸில் எண்ணை மாற்றினார். வாடிக்கையாளர் கையில் போன காகிதத்தில் பழைய எண்தானே இருக்கும்? ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் வரிசையாகவும், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமலும் இருக்கவேண்டும். மொத்தமாகத் துணி எடுத்துப்போன ஒரு வியாபாரி, தன் கையிலிருக்கும் பில் எண்ணும் கடை காட்டிய எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தார். அது வேறு ஆளுக்கு வேறு டிக்கெட் ஆனது. அவரும் அதை முடித்து ஒரு எண் வாங்கிக்கொண்டார்.

இதில் தம்பி ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பலகை கேட்டதை அவர் கொடுத்தார். கைமுறுக்கு சுற்ற ஆள் வைத்து, எத்தனை சுற்று என்று பார்க்காமல் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பாருங்கள். ஏழு சுற்று முறுக்கை அந்த அடுப்பில் அப்புறம் பார்க்கமுடியாது. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளர் 1975-இல் இங்கிலாந்தின் பணக்கொள்கையை வைத்து இதையேதான் சொன்னார்: ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்து ஆளைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், அதுவரை நம்பகமாக இருந்த அந்தப் புள்ளிவிவரம் கலைந்துபோகும்.

மற்றத் தில்லுமுல்லுகளை நீங்களே ஊகிக்கலாம். ஒரு வேலையை மூன்று டிக்கெட்டாக உடைப்பது, காலையில் சீக்கிரம் வந்து சுலபமானதை எல்லாம் தன் பெயரில் போட்டுக்கொள்வது, எழுத்துப்பிழைக்கு ஒரு டிக்கெட் திறந்து தானே மூடுவது. இவை கண்ணுக்குத் தெரியும், கேட்டால் நின்றுவிடும். ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப மேலோட்டமாகப் பூசி மூடுவதுதான் மோசம், ஏனென்றால் அது வேலை மாதிரியே இருக்கும்.

எண்ணிக்கைக்குப் பதில் சராசரி நேரத்தைப் பிடிப்பது

விஷயம் தெரிந்ததும் நான் செய்த முதல் காரியமும் தப்புதான். "எத்தனை என்று பார்க்கவேண்டாம் அண்ணே, எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பார்ப்போம்" என்றேன். கணக்குப் போட்டால், அந்தப் பதினோரு டிக்கெட்டும் திறந்து மூட எடுத்த சராசரி 40 நிமிஷம். அபாரம்! அக்காவின் டிக்கெட் 23 நாள். புது அளவுகோலிலும் அக்காதான் கடைசி.

சரி, மூடிய டிக்கெட் மறுபடி திறக்கப்படுவதைப் பிடிப்போம் என்று, நாங்கள் டிக்கெட் பதியும் ஜிரா மென்பொருளில் தேடினேன்:

```
status CHANGED FROM "Done" TO "In Progress" AFTER startOfMonth("-1")
```

ஒன்றுகூட வரவில்லை. வராது. கடைக்காரர் போன் செய்யும்போதெல்லாம் நாங்கள் புது டிக்கெட்டல்லவா திறந்தோம். பழையதைத் திறந்தால் முடித்தவர் கணக்கில் ஒன்று குறையும், புதிதாகத் திறந்தால் இன்னொருவர் கணக்கில் ஒன்று கூடும். யாரும் கூடிப்பேசி முடிவெடுக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. மறுதிறப்பு சுத்தமாகப் பூஜ்யம் என்று யாராவது காட்டினால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

பிறகுதான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, டிக்கெட்டை விட்டுவிட்டுப் பிரச்சினையைப் பிடித்தேன். ஒரே வேரிலிருந்து வந்த டிக்கெட்டுகளை எல்லாம் ஒரு தாய் டிக்கெட்டின் கீழ் கட்டினேன். முதல் புகார் வந்த நாளில் கடிகாரம் தொடங்கும். திருத்தம் கடையின் கணினியில் ஏறிய நாளில்தான் நிற்கும். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் அதே புகார் வந்தால் நிற்கவே இல்லை என்று பொருள்.

முதல் புகார் ஜூலை 20. திருத்தம் கடையில் ஏறியது ஆகஸ்ட் 24. மொத்தம் 35 நாள். 40 நிமிஷம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டிருந்த அதே பிரச்சினை.

ஆளை அளப்பது, காத்திருப்பை விட்டுவிடுவது

அந்த 35 நாளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாகிப்போனது. இவை எல்லாம் ஒரே காரணம் என்று யாரோ ஒருவர் கண்டுகொள்ள 12 நாள். அந்த யாரோ அக்காதான். அவர் புரோகிராம் கோடு எழுதிச் சோதிக்க 8 நாள். அதை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் ரீவ்யூவுக்காகக் கிடந்தது 9 நாள். கடையில் பழைய இரட்டை எண்களை அவர்கள் கணக்கரோடு உட்கார்ந்து தீர்த்துவிட்டு ஏற்ற 6 நாள்.

ஒரு டெவலப்பர் கையில் வேலை இருந்தது 35-இல் 8 நாள் மட்டும். பலகை அளந்ததும் அந்த எட்டைத்தான். ஒன்பது நாள் ரீவ்யூ ஏன் கிடந்தது? இன்னொருவர் கோடைப் படித்தால் பலகையில் எண் ஏறாது. எனக்கும்தான் ஏறாது, அந்த ஒன்பதில் ஆறு நாள் அது என் மேஜையில் கிடந்தது.

அக்கா செய்த திருத்தம் பார்க்கச் சின்னது. ஒவ்வொரு கிளைக்கும் நிதியாண்டுக்கும் ஒரு வரி கொண்ட எண்ணிப் பட்டியல் ஒன்றை வைத்து, எண்ணை அதிலிருந்து எடுக்கச் செய்தார்:

```sql
UPDATE bill_counter SET last_no = last_no + 1
WHERE branch_id = 3 AND fy = '2024-25'
RETURNING last_no;
```

ஒரு கவுன்டர் அந்த வரியைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று வந்தால், முதல் பில் பதிவாகும்வரை அது வரிசையில் நிற்கும். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸில் அடுத்த எண்ணைத் தானாகத் தரும் சீக்வென்ஸை வைத்தால் வேகம் இன்னும் கூடும், ஆனால் பாதியில் ரத்தான பில்லின் எண் திரும்பக் கிடைக்காது. வரிசையில் ஓட்டை விழும். வரிக் கணக்கில் அது தலைவலி, அதனால் வேண்டாம் என்றார். இதோடு கிளை, நிதியாண்டு, பில் எண் மூன்றும் சேர்ந்து இரண்டாம் முறை வரக்கூடாது என்று `UNIQUE` கட்டுப்பாடும் போட்டார். பழைய இரட்டைகள் இருக்கும்வரை டேட்டாபேஸ் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்காது. அந்த 6 நாள் போனது அங்கேதான். இவ்வளவுக்கும் பலகையில் கிடைத்தது ஒன்று.

அப்படியானால் எதை அளப்பது

எங்கள் டீமில் இப்போது மூன்றுதான் பார்க்கிறோம், எல்லாமே டீமுக்கு, தனி ஆளுக்கு இல்லை. முதலாவது, நான் மேலே சொன்ன பிரச்சினையின் வயது: முதல் புகாரிலிருந்து கடையில் சரியாகும்வரை. சராசரி எடுப்பதில்லை. தீராமல் கிடப்பதில் மிகப் பழையது எத்தனை நாள் என்று மட்டும் பலகையில் எழுதுகிறோம். சராசரியைச் சுலபமானவற்றை முடித்துக் குறைத்துவிடலாம், கடைசியில் கிடப்பதன் வயதை அதை எடுத்துத் தீர்க்காமல் குறைக்கமுடியாது.

இரண்டாவது, அந்த நாட்களில் எத்தனை நாள் யார் கையிலும் இல்லாமல் கிடந்தது. மூன்றாவது, நாங்கள் கடைகளில் ஏற்றிய புதுப் பதிப்புகளில், அதாவது ரிலீஸ்களில், எத்தனைக்கு உடனே பின்வாங்கவோ அவசரத் திருத்தம் போடவோ வேண்டி வந்தது. இந்தக் கடைசி ஒன்று டோரா என்ற ஆராய்ச்சிக் குழு பரப்பிய நான்கு அளவுகளில் ஒன்று. மற்ற மூன்று: எவ்வளவு அடிக்கடி ஏற்றுகிறோம், எழுதிய கோடு ஓடத்தொடங்க எவ்வளவு நேரம், கெட்டால் மீள எவ்வளவு நேரம். அவையும் டீமின் வேலை ஓட்டத்தைப் பார்க்க வந்தவை. ஐந்து பேர் டீமில் மாதம் நாலு ரிலீஸ் போட்டு ஒன்று சொதப்பினால் 25 சதவீதம் என்று வரும். அதை வைத்து யாரும் பீதியடையவேண்டாம். சதவீதம் எழுதாமல், எது சொதப்பியது, ஏன் என்று ஒரு வரி எழுதுவது எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. இவற்றையும் சம்பளத்தோடு கட்டினால் இரண்டே மாதத்தில் இவையும் கெடும்: புகாரையே டிக்கெட்டாகப் பதிய மாட்டார்கள்.

"அப்ப யாருக்கு இன்க்ரிமென்ட் கொடுக்கிறது?" என்று அண்ணன் கேட்டார். கேள்வி நியாயம்தான். அதற்கு எண் கிடையாது அண்ணே என்றேன். யார் எழுதிய கோடு ஆறு மாதம் தொடாமல் ஓடுகிறது, சிக்கல் வந்தால் மற்றவர்கள் யார் மேஜைக்குப் போகிறார்கள், யார் ரீவ்யூவில் தப்பைப் பிடித்தார்கள் என்று நான் பார்த்து, எழுதி, உங்களிடம் வாதாடவேண்டும். என் சம்பளம் அதற்குத்தானே. அவருக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை.

செப்டம்பரில் தம்பியின் எண்ணிக்கை 38-இலிருந்து 24-க்கு இறங்கியது. பழைய பலகை அப்போது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "ஏன் எல்லாருக்கும் இப்படிக் குறைஞ்சுபோச்சு?" என்று அண்ணன் பதறிப்போய் வந்தார். அந்த ஜவுளிக்கடையிலிருந்து மூன்று வாரமாகப் போனே வரவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பெயர்கள் இருந்த பக்கத்தை மட்டும் துணியால் துடைத்தார்.

இன்று அதில் 19 நாள் என்று எழுதியிருக்கிறது. ரிட்டர்ன் பில்லில் ரூபாய்க் குறி கட்டமாக அச்சாகிறது, ஒரே ஒரு மாடல் பிரின்டரில். அந்த பிரின்டர் எங்களிடம் இல்லை. நாளைக் காலை தம்பி கடைக்கே போகிறார்.