புதிய மண்சட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அடுப்புக்குப் பழக்கும் முறை

கையால் வனைந்த மண்சட்டியை முதன்முதலாக வாங்குபவருக்கு, அது எங்குமே ஒரே சீராக இல்லாததுதான் முதலில் கண்ணில் படும். விளிம்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், ஒரு பக்கம் செம்மையும் மறுபக்கம் கருமையும் படிந்திருக்கும், உட்புறத்தில் விரல் ஓடிய வரிகள் தெரியும். இவற்றுள் பெரும்பாலானவை கையும் நெருப்பும் விட்டுச்சென்ற அடையாளங்கள். சில மட்டும் சட்டி உடையப் போவதை முன்கூட்டியே காட்டும் குறைகள். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொண்ட பிறகு சட்டியை அடுப்பில் ஏற்றுவதே முறை என்பதால், தேர்வு செய்வதிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே சொல்லப்படுவது இரண்டு அல்லது மூன்று லிட்டர் கொள்ளும், பூச்சு இல்லாத சமையல் சட்டிக்குப் பொருந்தும். பூச்சு உள்ளவற்றைப் பற்றி இடையில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: சட்டியைக் கண்ணாலும் காதாலும் படித்தல்

சட்டியை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். உட்சுவரில் சுருளாக ஏறும் வரிகள் சக்கரத்தில் வனைந்தபோது விரல் பதிந்தவை. வெளிப்புறத்தில் சிறு சிறு தட்டையான பரப்புகள் தெரிந்தால், ஈரம் சற்று வற்றிய நிலையில் உள்ளே ஒரு கல்லைத் தாங்கலாக வைத்து, வெளியே மரப்பலகையால் தட்டி அடிப்பாகத்தை உருட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இப்படித் தட்டிய அடி மண்ணை இறுக்குகிறது, வளைந்த அடி வெப்பத்தால் எழும் இழுவிசையையும் பரப்பிவிடுகிறது. ஆகவே இந்த மேடுபள்ளங்களைக் கண்டு சட்டியை ஒதுக்க வேண்டாம்.

கரும்புள்ளிகளும் மேகம் போன்ற கறைகளும் சூளையில் விறகோ வைக்கோலோ தொட்ட இடங்களில், காற்று போதாமல் கரி படிந்ததால் வருபவை. காற்று நன்றாகப் பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. இந்த நிற வேறுபாடு சட்டியின் வலிமையைக் குறைப்பதில்லை. மேற்பரப்பில் மணல் நெருநெருப்பது நல்லதே. களிமண்ணோடு கலந்த மணலும் பொடித்த பழைய ஓட்டுத்துண்டுகளும், நுண்விரிசல் ஓடும் வழியில் தடையாக நின்று அதை நிறுத்துகின்றன.

இனிக் குறைகள். விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் மயிரிழைக் கீறல் இருந்தால் அந்தச் சட்டியை எடுக்க வேண்டாம், ஏனெனில் அந்தக் கீறல் முதல் சூட்டிலேயே நீளும். அடுத்து, நடுவில் வெண்புள்ளியோடு சிறு குழியாகப் பெயர்ந்த இடங்களைத் தேடுங்கள். மண்ணில் கலந்திருந்த சுண்ணாம்புக் கல் சூளையில் நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து மேலிருந்த மண்ணைத் தள்ளிவிட்டது என்பதையே அந்த வெண்புள்ளி சொல்கிறது. ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கலாம். பல இடங்களில் இருந்தால் இன்னும் பெயரும், பெயர்வது உணவிலும் விழும்.

காதின் சோதனைக்கு, சட்டியின் அடியை உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி, வயிற்றுப் பகுதியில் விரல் முட்டியால் தட்டுங்கள். விளிம்பைப் பிடித்துக்கொண்டால் ஒலி அடங்கிவிடும். நன்றாகச் சுட்ட முழுச் சட்டி தெளிவாக ஒலித்துச் சற்று நேரம் நீடிக்கும். கீறலுள்ள சட்டி கரகரத்து உடனே அடங்கும். ஈரமான சட்டியும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால் உலர்ந்த சட்டியைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். போதிய சூடு காணாத சட்டியை அறிய ஈர விரலால் உட்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் வெளியேறும். அதை எட்டாத மண் தண்ணீரில் மீண்டும் சேறாகும், எனவே விரலில் சேறு ஒட்டினால் அந்தச் சட்டி சமையலுக்கு ஆகாது. வெறும் தூசி ஒருமுறை வந்து நின்றுவிட்டால் கவலையில்லை.

பூச்சு உள்ள சட்டியானால்

‘கிளேஸ்’ எனப்படும் கண்ணாடிப் பூச்சு கைவேலையில் ஒருபோதும் சமமாக விழாது. வழிந்து அடியில் தேங்கிய துளிகள், தூரிகை தவறிய வெற்றிடங்கள், நிறம் அடர்ந்தும் வெளிறியும் இருப்பது ஆகியவை எல்லாம் இயல்பே. வலைபோன்ற நுண்வெடிப்புகள், சூளையிலிருந்து ஆறும்போது பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கியதால் வருபவை. அவற்றில் கறையும் நாற்றமும் தங்கும், ஆனால் பூச்சு பெரும்பாலும் விழாது. விளிம்பிலும் கைப்பிடியிலும் பூச்சு செதிலாக உரிவதுதான் ஆபத்து. அந்தச் செதில்கள் கண்ணாடித் துண்டுகளே என்பதால் அத்தகைய சட்டியில் சமைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய கேள்வி காரீயம். தாழ்ந்த வெப்பத்தில் உருகுவதற்காகச் சில பூச்சுகளில் காரீயம் சேர்க்கப்படுவதுண்டு, புளிப்பான உணவு அதைக் கரைத்து வெளியே எடுக்கும். ஆய்வகங்களில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, கரைந்து வந்த காரீயத்தை அளக்கிறார்கள். நிறத்தையோ பளபளப்பையோ பார்த்து இதை எவராலும் கணிக்க முடியாது. செய்தவரிடம் பூச்சில் என்ன கலந்தது என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காவிட்டால் அந்தச் சட்டியை அலங்காரத்திற்கு மட்டும் வையுங்கள். இந்த ஒன்றில் நான் எந்த விட்டுக்கொடுப்பையும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: எடை போட்டு ஊறவைத்தல்

சட்டியைச் சோப்பு இல்லாமல், நார்த் தேய்ப்பானும் தண்ணீரும் மட்டும் கொண்டு கழுவி, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவையுங்கள். பிறகு சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கக்காரர்கள் இதைத் தேவையற்றதாக நினைக்கலாம், ஆனால் சட்டியின் உள்ளமைப்பை வீட்டிலேயே அறிய இதைவிட எளிய வழி இல்லை.

சட்டி முழுவதும் மூழ்கும்படி பெரிய வாளியில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். முதல் சில நிமிடங்கள் அருகிலேயே இருந்து கவனியுங்கள். நுண்துளைகளில் இருந்த காற்று எல்லாப் பக்கமும் பரவலாகச் சிறு குமிழிகளாக எழும். ஒரே கோட்டில் மட்டும் குமிழிகள் வரிசையாக வந்தால், கண்ணுக்குத் தப்பிய கீறல் அங்கே இருக்கக்கூடும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, காய்ந்தபின் மீண்டும் தட்டிப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, நான் அண்மையில் பழக்கிய சட்டி காய்ந்த நிலையில் 1,840 கிராம் இருந்தது. ஊறிய பின் வெளி ஈரத்தைத் துணியால் ஒற்றி எடை போட்டபோது 2,060 கிராம். ஏறிய 220 கிராமை 1,840ஆல் வகுத்தால், சட்டி தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் நீரைக் குடித்திருக்கிறது. பூச்சில்லாத சுடுமண்ணுக்கு 10 முதல் 15 வரை வருவது வழக்கமானதே. இதைவிட மிக அதிகமாக வந்தால், அடுத்த படியில் சொல்லும் கஞ்சியால் துளைகளை அடைக்கும் வேலையை இரண்டு மூன்று முறை கூடுதலாகச் செய்ய நேரும். மிகக் குறைவாக வந்தால் மண் நன்றாக இறுகியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பாத்திரம் நேர் தீக்காகச் செய்யப்பட்டதா என்பதைக் கேட்டறிந்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: கஞ்சியால் துளைகளை அடைத்தல்

ஊறிய சட்டியை வெளியே எடுத்தவுடன் அடுப்பில் ஏற்றக் கூடாது. சுவருக்குள் இருக்கும் நீர் வேகமாக ஆவியாகி வெளியேற வழியின்றி அழுத்தும்போது மண் பிளக்கும். வெளிப்புறம் தொட்டால் ஈரம் தெரியாத வரை, அதாவது நிழலில் ஓரிரவு, காயவிடுங்கள்.

மறுநாள், அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரைச் சட்டியில் ஐந்தில் நான்கு பங்கு நிரப்பி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவில் அரிசி மாவையோ வேறு தானிய மாவையோ கட்டியின்றிக் கரையுங்கள். அடுப்பை மிகச் சிறு தீயில் வைத்து 15 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு சிறிது கூட்டி, கொதிநிலைக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாவு அடியில் பிடிக்காதபடி மரக்கரண்டியால் கிளறுவது அவசியம். இந்தப் பொறுமைக்குக் காரணம் இருக்கிறது. அலுமினியம் சுடுமண்ணைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும், எனவே தீ பட்ட இடத்தின் சூடு நொடியில் பாத்திரம் முழுவதும் பரவிவிடும். மண்சட்டியிலோ தீ தொட்ட அடி விரிந்துவிட்ட பின்னும் விளிம்பு குளிர்ந்தே இருக்கும். இந்த வேறுபாடு கூடினால் இடையில் விரிசல் விழும். உள்ளே நீர் இருக்கும்வரை உட்சுவர் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது என்பதால், முதல் சில சூடுகளில் நீர் நிறைந்திருப்பதே சட்டிக்குப் பாதுகாப்பு.

சூடு 60, 70 டிகிரியை எட்டும்போது மாவுச்சத்தின் மணிகள் நீரை இழுத்துப் பருத்துக் கூழாகின்றன. அந்தக் கூழ் சுவரின் துளைகளில் நுழைந்து, காய்ந்தபின் அங்கேயே கெட்டிப்பட்டு நிற்கும். தொடக்கத்தில் சட்டியின் வெளிப்புறம் வியர்த்து, அங்கங்கே ஈரத்திட்டுகள் தோன்றும். அவை நேரம் செல்லச் செல்லச் சுருங்கினால் அடைப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் மட்டும் துளி துளியாகச் சொட்டித் தீயில் சீறிக்கொண்டே இருந்தால் அது துளை அல்ல, கீறல். கொதித்த பின் அரை மணி நேரம் சிறு தீயில் விட்டு, அணைத்து, கஞ்சியை உள்ளேயே வைத்து இரவு முழுவதும் ஆறவிடுங்கள். காலையில் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவையுங்கள்.

வேலை முடிந்ததா என்பதைக் காகிதம் சொல்லும். சட்டியில் தண்ணீர் நிரப்பி, பழைய செய்தித்தாளின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். நான் சொன்ன சட்டியில் முதல் கஞ்சிக்குப் பின் தாள் நனைந்து கிழிந்தது, இரண்டாவதற்குப் பின் உள்ளங்கை அளவு ஈரத்திட்டு மட்டும் இருந்தது, மூன்றாவதற்குப் பின் தாள் உலர்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் அதில் சமைத்தேன்.

சிலர் சட்டியின் உட்புறம் எண்ணெய் தடவிப் பழக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்பில் எண்ணெய் சூட்டால் கெட்டிப்பட்டுப் படலமாகிறது, ஆனால் மண்ணின் ஆழத்துக்கு இறங்கும் எண்ணெய் அந்தச் சூட்டைக் காணாமல் தேங்கி நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

முதல் சமையல்கள்

முதல் நான்கைந்து முறை நீர்ப்பதம் மிகுந்த, புளிப்பில்லாத உணவையே சமையுங்கள். தூண்டல் அடுப்பு மண்சட்டியைச் சூடாக்காது. எரிவாயு அடுப்பில் தீ நடுவில் குவியாமல் இருக்க, பர்னருக்கும் சட்டிக்கும் இடையே ஓர் இரும்புத் தட்டை வைக்கலாம். குழம்பு வற்றினால் சுடுநீரையே ஊற்ற வேண்டும்.

நான் இழந்த நல்ல சட்டி அடுப்பில் உடையவில்லை. இறக்கியபின் ஈரமாயிருந்த கருங்கல் மேடையில் வைத்தேன், அடியில் ‘டக்’ என்ற ஒலியோடு பிறை வடிவில் ஒரு கோடு விழுந்தது. அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, மடித்த காய்ந்த துணியையோ மரப்பலகையையோ பக்கத்தில் எடுத்து வைத்துவிடுகிறேன்.

கழுவுவதற்குச் சோப்பு வேண்டாம், துளைகளில் ஊறிய சோப்பு அடுத்த சமையலில் வெளிவரும். சுடுநீரும் சிறிது கல்லுப்பும் போதும். கழுவிய சட்டியைக் கவிழ்த்து மூடிவைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஆகவே காற்று உள்ளே செல்லும்படி சாய்த்து வைத்து, முழுதும் உலர்ந்த பின் மூடியில்லாமல் அடுக்குங்கள். வெகுநாள் எடுக்காத சட்டியாக இருந்தால், மறுபடி சமைக்கும் முன் ஒருமுறை கஞ்சி காய்ச்சி, செய்தித்தாள் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.