மார்கழி அதிகாலை ஒலிபெருக்கி: அண்டை வீட்டாரின் புகாருக்குப் பதில் எழுதும் முறை

மார்கழி மாதத்தில் விடியற்காலை நான்கரை மணிக்குத் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிபரப்பும் தெருக்கோயில்களுக்கு, அக்கம்பக்கத்தாரிடமிருந்து கையொப்பமிட்ட புகார்க் கடிதம் ஒன்று வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்து, பதில் எழுதும் பொறுப்பை ஏற்றவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். ஒலிபெருக்கியைச் சரிசெய்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்பதால், கடிதம் நான்காவது படியாகவே வருகிறது.

முதல் படி: அதே நேரத்தில், அவர்கள் இடத்தில் நின்று கேளுங்கள்

மாலை ஏழு மணிக்கு ஆம்ப்ளிஃபையரைப் போட்டுப் பார்த்து, "இது ஒன்றும் அதிகமில்லையே" என்று முடிவு செய்வதுதான் பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறு. விடியற்காலையில் வாகன இரைச்சல் இல்லாததால் எந்த ஒலியும் தனித்துக் கேட்கும். அதோடு, மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால், மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து மீண்டும் தரைப்பக்கம் திரும்பி, பகலைவிட அதிகத் தூரம் செல்கிறது. ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவுத் திருகு அதே எண்ணில் இருந்தாலும் நான்கரை மணிக்கு அடுத்த தெருவரை பாசுரம் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். எனவே புகார் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒலிபரப்பு நேரத்தில் அவர்கள் வாசலில் நின்று கேளுங்கள். கைப்பேசியில் உள்ள ஒலியளவுச் செயலி துல்லியமானதன்று. ஆயினும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுவதற்குப் போதுமானது.

இரண்டாம் படி: விதி என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. இந்த நேரத்தில், மூடிய அரங்கத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்காகவோ பொது நெருக்கடியின்போதோ தவிர ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்கள் வரை தளர்வு அளிக்கலாம் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அந்தத் தளர்வு இரவு பத்து முதல் பன்னிரண்டு மணி வரைக்கு மட்டுமே உரியது, விடியற்காலைக்கு உதவாது. குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பு 45 டெசிபல், பகல் வரம்பு 55 டெசிபல். சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கூறியது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான்; ஆகவே "அங்கே மட்டும் வைக்கிறார்களே" என்ற வாதத்தைக் குழுக் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள், கடிதத்தில் அது தலைகாட்டக் கூடாது.

மூன்றாம் படி: திருகைக் குறைப்பதோடு நிறுத்தாதீர்கள்

கோபுரத்தின் மேல் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, மைதானத்தில் கூடிய கூட்டத்துக்காக உருவான கருவி. அதற்குப் பத்து வாட் மின்சாரம் கொடுத்தாலே, நேர் எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 115 டெசிபல் வரும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்று கொண்டால், 32 மீட்டர் தள்ளி இருக்கும் எதிர்வீட்டு மாடி ஜன்னலில் அது 85 ஆக இருக்கும். 85 என்பதை 45 ஆக்க வேண்டுமானால் மின்திறனைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அந்த அளவில் கூம்பை வைத்திருப்பதில் பொருளே இல்லை. பாதியாகக் குறைத்தால் 3 டெசிபல்தான் இறங்கும், கேட்பவருக்கு வித்தியாசம் ஏறக்குறைய தெரியாது. "குறைத்துவிட்டோம்" என்று குழுவும் "குறைக்கவே இல்லை" என்று தெருவும் சொல்லிக்கொண்டிருப்பது இப்படித்தான்.

ஆகவே ஆறு மணிக்கு முன் கூம்புகளின் இணைப்பையே கழற்றிவிடுங்கள். கதவும் சுவரும் உள்ள மண்டபமாக இருந்தால், பக்தர்கள் அமரும் இடத்துக்கு அருகே இரண்டு சிறிய பெட்டி ஸ்பீக்கர்களை உள்நோக்கி வைத்து, தெருப்பக்கக் கதவைச் சாத்தினால் போதும். கேட்பவருக்கு அருகில் ஒலி இருக்கும்போது அளவு தானாகவே குறைவாக வைக்கப்படும். நான்கு புறமும் திறந்த மண்டபமானால், ஆறு மணிவரை ஒலிபெருக்கி இல்லாமல் வாயால் பாடுவதே சரி. இணைப்பை மாற்றும் வேலையை மைக் செட்காரரிடமே விடுங்கள்: கூம்புகள் நூறு வோல்ட் கம்பித்தடத்தில் ஓடுபவையாக இருந்தால், சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரை அதில் நேரடியாக மாட்டினால் அது எரிந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பென் டிரைவில் உள்ள பதிவுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. மெல்லிய பாசுரத்துக்குப் பின் நாதஸ்வரம் திடீரென உயரும்போதுதான் தூங்குபவர் விழிக்கிறார். எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை சமப்படுத்தி வைத்துவிட்டு, திருகில் எந்த இடத்தைத் தாண்டக் கூடாது என்பதற்கு வண்ணக்கோடு ஒன்று போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பதிலை எழுதுங்கள்

ஜன்னலில் இருந்தே சரிபார்க்கக்கூடியவற்றை மட்டும் உறுதியளியுங்கள். "முடிந்தவரை குறைப்போம்" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. டெசிபல் எண்ணை எழுதினாலோ, யாருடைய கைப்பேசி சரி என்ற தகராறு தொடங்கும். முப்பது நாள்தானே, அனுசரித்துப் போங்கள் என்ற தொனி வேண்டாம். கையொப்பமிட்டவர்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லாமல் பொதுவாக விளியுங்கள். ஒரு மாதிரி:

> மதிப்பிற்குரிய தெருவாசிகளுக்கு,
>
> வணக்கம். அதிகாலை ஒலிபெருக்கி பற்றிய தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் குழுவினர் தங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது, தாங்கள் கூறியபடியே ஒலி மிகுதியாக இருந்ததை உணர்ந்தோம். இரவுப் பணி முடித்து வருவோருக்கும், அரையாண்டுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும், முதியோருக்கும் நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்.
>
> நாளை முதல் காலை ஆறு மணிக்கு முன் கோபுரத்துக் கூம்புகள் இயங்கா. பாராயணம் மூடிய மண்டபத்துக்குள் மட்டும், சிறிய ஸ்பீக்கர்களில் நடைபெறும். தெருப்பக்கக் கதவு சாத்தப்பட்டிருக்கும். ஆறு மணிக்குப் பின்னரும் கூம்புகளுக்குப் பதிலாக, உள்நோக்கி வைத்த ஸ்பீக்கர்களையே பயன்படுத்துவோம்.
>
> அன்றாடம் ஆம்ப்ளிஃபையருக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். அவருடைய தொலைபேசி எண் கீழே உள்ளது. தயங்காமல் உடனே அழையுங்கள். வரும் ஞாயிறு மாலை தங்களைச் சந்தித்து, மாற்றம் போதுமா என்று கேட்டறிய விரும்புகிறோம்.
>
> இப்படிக்கு,
> கோயில் நிர்வாகக் குழு

ஐந்தாம் படி: கையில் கொடுங்கள், பிறகு கவனியுங்கள்

கடிதத்தைச் செயலாளரே நேரில் கொடுப்பது நல்லது. புகாரின் நகல் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் பதிலின் நகலையும் அங்கே சேர்த்துவிடுங்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம் போன்ற நாட்களில்தான்: கூட்டம் சேர்ந்து பேச்சரவம் எழுந்ததும் யாரோ ஒருவர் திருகை ஏற்றிவிடுவார். அந்த நாட்களில் பொறுப்பாளர் ஆம்ப்ளிஃபையர் அருகிலேயே அமரட்டும். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி தேவை என்பதால், பகல்நேரப் பயன்பாட்டுக்கான அனுமதி நகலும் அவரிடமே இருக்கட்டும்.