ஆயிரம் தேங்காய் எத்தனை கிலோ கொப்பரை? கணக்கு தப்பும் இடங்கள்

எங்கள் வெள்ளக்கோவில், காங்கேயம் பக்கம் களம் வைத்திருப்பவரிடம் போய் ஆயிரம் காய்க்கு எவ்வளவு கொப்பரை வரும் என்று கேட்டால், யோசிக்காமல் “நூத்தம்பது கிலோ” என்பார். கேட்டவரும் அதை அன்றைய விலையோடு பெருக்குவார். கிலோ 200 ரூபாய் என்றால் 30,000. கணக்கு முடிந்தது, காயை உடைக்க ஆள் சொல்லிவிடலாம் என்று கிளம்பிவிடுவார். நானும் முதல் தடவை அப்படித்தான் கிளம்பினேன். கடைசியில் கைக்கு வந்தது 27,000 சொச்சம். யாரும் ஏமாற்றவில்லை, என் கணக்குதான் தப்பு.

(இங்கே 200 ரூபாய் என்பதைக் கணக்குக்கு எளிதான எண்ணாகத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் விற்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எங்கள் ஊரில் கொப்பரையைத் ‘தேங்காய் பருப்பு’ என்றும் சொல்வார்கள். ஏலச் செய்தியில் அந்தப் பெயரைப் பார்த்தால் வேறு சரக்கு என்று நினைக்க வேண்டாம்.)

முதல் தப்பு அந்த நூற்றைம்பதிலேயே இருக்கிறது. அது பொய் இல்லை, ஒரு சராசரி. நெட்டை மரமா, குட்டையா, வீரிய ஒட்டா, அந்த வருஷம் தண்ணீர் பாய்ந்ததா, காய் எத்தனை மாதத்தில் இறக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஒரு காய்க்கு 120 கிராமும் வரும், 170 கிராமும் வரும். இதில் மாதக் கணக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. பன்னிரண்டு மாதம் முற்றிய காயின் பருப்பு தடிமனாக, கெட்டியாக இருக்கும். வெட்டு ஆள் வந்துவிட்டார் என்பதற்காகப் பத்து மாதக் காயையும் சேர்த்து இறக்கினால், உடைக்கும்போது பருப்பு வெள்ளையாக அழகாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு சுருங்கி, ரப்பர் மாதிரி வளைகிற கொப்பரையாகிவிடும். எடையும் இருக்காது, எண்ணெயும் இருக்காது.

சொந்தக் காய்க்கு உங்கள் எண்ணை நீங்களே எடுப்பதுதான் சரி. குவியலின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலிருந்தும், பெரிது சிறிது பார்க்காமல் 50 காய் எடுங்கள். இதில்தான் கை துரோகம் செய்யும். தன்னை அறியாமலே பெரிய காயாகப் பார்த்து எடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் தப்பில்லை. அந்த ஐம்பதையும் உரித்து, எடை போட்டு, உடைத்து, களத்தில் ஒரு மூலையில் தனியாகக் காயவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி எடை போடுங்கள். என் காய் உரித்தபோது 25 கிலோ இருந்தது, அதாவது காய் ஒன்று அரைக் கிலோ. கொப்பரையானபோது 7 கிலோ 200 கிராம். ஒரு காய்க்கு 144 கிராம், ஆயிரத்துக்கு 144 கிலோ. நூற்றைம்பது இல்லை.

இந்த வேலைக்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் ஈரப்பதத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பெரும்பாலும் தப்பாகப் போடுவதும் இங்கேதான். அரைக் கிலோ உரித்த காயில் தண்ணீரும் ஓடும் போக, பருப்பு ஏறக்குறைய 270 கிராம் இருக்கும். ஆயிரம் காய்க்கு 270 கிலோ பச்சைப் பருப்பு. அதில் ஏறக்குறைய பாதி ஈரம். கொப்பரையில் 6 சதவீத ஈரம் இருக்கலாம். “ஐம்பதில் ஆறு போக நாற்பத்து நாலு, அப்போ 44 சதவீதம்தான் குறையும், 151 கிலோ நிற்கும்” என்று மனக்கணக்குப் போடுகிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐம்பது 270 கிலோவின் சதவீதம், அந்த ஆறு காய்ந்த பிறகு நிற்கிற எடையின் சதவீதம். இரண்டு வேறு தராசில் நிறுத்ததை ஒன்றில் இருந்து ஒன்றைக் கழிக்க முடியாது.

காயும்போது மாறாமல் இருப்பது ஈரம் போக மீதி நிற்கிற பாகம் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டால் கணக்கு எளிது. 270 கிலோவில் பாதி 135 கிலோ. இந்த 135 கிலோ காய்வதற்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருக்கும். முடிந்த கொப்பரையில் ஈரம் 6 சதவீதம் என்றால், இந்த 135 கிலோ அதில் 94 சதவீதம். ஆகவே:

135 ÷ 0.94 = 143.6 கிலோ

மனக்கணக்குக்கும் இதற்கும் ஏழரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம், பணத்தில் 1,500 ரூபாய். 50 காய் காயவைத்து எடுத்த 144 கிலோவோடு இது ஒத்துப்போவதையும் பாருங்கள். மூன்று நாலு வாரம் கிடங்கில் கிடந்த காயில் ஈரம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். அப்போது பாதி என்று போடாமல் மாதிரிக் காயை நம்புவது நல்லது.

அடுத்தது, ஈரத்தோடு விற்றால் எடை நிற்கும் என்கிற ஆசை. இதே சரக்கை 10 சதவீத ஈரத்தில் அள்ளினால் 135 ÷ 0.9 = 150 கிலோ. ஆறரைக் கிலோ சும்மா கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் வியாபாரி வாங்குவது எண்ணெயை. நன்றாகக் காய்ந்த கொப்பரையில் எண்ணெய் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும், ஈரம் ஏறினால் அந்த விகிதம் இறங்கும். ஆகவே விலையைக் குறைத்துத்தான் கேட்பார். காய்ந்த 143.6 கிலோ 200 ரூபாய்க்கு 28,720 ரூபாய். அந்தப் பணம் 150 கிலோவில் வர வேண்டுமானால் கிலோ 191 ரூபாய் 50 காசு கிடைக்க வேண்டும். அதாவது எட்டரை ரூபாய்க்கு மேல் குறைத்தால் உங்களுக்கு நஷ்டம். ஈரக் கொப்பரைக்கு வியாபாரிகள் அதற்கு மேலேயே குறைத்து நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, ஈரத்தோடு சாக்கில் கட்டி விலை ஏறட்டும் என்று வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மஞ்சளும் பச்சையுமாகப் பூத்துவிட்டால் பிறகு எவ்வளவு காயவைத்தாலும் அது முதல் தரம் ஆகாது. அரசுக் கொள்முதலில் 6 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

பயந்து அளவுக்கு மீறிக் காயவைப்பதும் காசுதான். 4 சதவீதத்துக்கு இறங்கினால் எடை 140.6 கிலோ. மூன்று கிலோ, 600 ரூபாய், வெயிலில் போச்சு.

கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? உடைத்த காயை ஓட்டோடு இரண்டு நாள் காயவைத்தால் பருப்பு ஓட்டை விட்டு விலகும். தோண்டி எடுத்து இன்னும் நாலைந்து நாள் வெயில் காட்ட வேண்டும். கிண்ணம் மாதிரி இருக்கும் துண்டை இரண்டு கையாலும் ஒடித்துப் பாருங்கள். ‘டக்’ என்று முறிந்தால் காய்ந்திருக்கிறது. வளைந்து பிறகு கிழிந்தால் ஈரம். முறிந்த விளிம்பின் நடுவில் மட்டும் பால் வெள்ளையாக, கொஞ்சம் ஈரமான கோடு தெரிந்தால் வெளியேதான் காய்ந்திருக்கிறது, உள்ளே இல்லை. இன்னும் ஒரு நாள். களத்தின் ஓரத்துத் துண்டை மட்டும் ஒடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நடுவில், அடியில் கிடப்பதை எடுங்கள். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போடாமல் விட்டால், பகலில் போன ஈரத்தில் கொஞ்சத்தை இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடும்.

சரி, எடை கிடைத்துவிட்டது. விலையில் என்ன தப்பு? அவல்பூந்துறை, பெருந்துறை ஏலச் செய்தியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு விலை வரும். கண் அதிகபட்சத்தில்தான் போய் நிற்கும். அந்த விலை ஒருவேளை நாலு மூட்டைக்கு மட்டும் கிடைத்திருக்கும். மொத்தச் சரக்கும் அந்த விலைக்குப் போகாது. உங்கள் குவியலிலேயே வெள்ளை வெளேர் என்று இருப்பதும், சுருங்கியதும், கறுத்ததும் கலந்துதான் இருக்கும். என் சரக்கில் ஏழில் ஒரு பங்கு இரண்டாம் தரமாகத்தான் போனது. இன்னொன்று, நீங்கள் விலை பார்த்த நாளுக்கும் மூட்டை கட்டும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம் இருக்கிறது. 2025ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்திருந்த ஆதரவு விலை அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582, அதாவது கிலோ 116 ரூபாய் கூட இல்லை. இவ்வளவு இடைவெளியில் ஆடுகிற விலையை ஒரே எண்ணாக வைத்து உட்கார முடியாது.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து என் ஆயிரம் காயைப் பாருங்கள். உரிக்கும்போதே அழுகல், வெடிப்பு என்று 30 காய் போனது. மீதி 970 காய், 144 கிராம் வீதம் ஏறக்குறைய 140 கிலோ. 120 கிலோ முதல் தரம் 200 ரூபாய்க்கு 24,000. 20 கிலோ இரண்டாம் தரம் 170 ரூபாய்க்கு 3,400. மொத்தம் 27,400. வாய்க்கணக்கு சொன்ன முப்பதாயிரத்தில் 2,600 ரூபாய் இப்படித்தான் கரைந்தது.

இதுவும் லாபம் இல்லை. உடைப்பு, காயவைப்பு, தோண்டல், சாக்கு, வண்டி என்று 2,500 ரூபாய் செலவு வைத்துக்கொள்வோம். ஓடு விற்று 1,500 ரூபாய் வரும் என்று வைப்போம். இந்த ஓட்டுக் காசைப் பலர் கணக்கிலேயே எழுதுவதில்லை, கரி சுடுகிறவர்கள் எடை போட்டு வாங்கிப் போகிறார்கள். 27,400ல் 2,500 கழித்து 1,500 கூட்டினால் 26,400. இதை உரித்த காயின் எடையால் வகுத்துவிடுங்கள். 970 காய், 485 கிலோ. கிலோவுக்கு 54 ரூபாய் 40 காசு.

இந்த எண்தான் எனக்கு முக்கியம். வாசலுக்கு வருகிற வியாபாரி உரித்த காயைக் கிலோ 56க்குக் கேட்டால் நான் களத்தைக் கூட்டவே மாட்டேன். 50க்குக் கேட்டால் காயப்போடுவேன். 54க்குக் கேட்டால் வானத்தைப் பார்ப்பேன், ஐப்பசியாக இருந்தால் அப்படியே கொடுத்துவிடுவேன். எண்ணிக்கையில் கேட்கிறவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அவருடைய ஆயிரத்தில் லாபக்காய் எத்தனை என்று. ஆயிரத்துக்கு விலை பேசி, அதற்கு மேல் எண்ணி எடுத்துப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் காயும் உங்கள் 485 கிலோவில் இருந்துதான் போகிறது.