ஒரு சதவீதம்தானே என்று காம்போசிஷனுக்குப் போகும் முன்

ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கும்போது வழக்கமான ரெகுலர் முறையா, சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டமா என்று பலர் போடும் கணக்கு இதுதான்: “காம்போசிஷன்ல 1 பர்சென்ட், ரெகுலர்ல 5, 18னு கட்டணும். எது லாபம்னு கேக்கணுமா?” கேட்கத்தான் வேண்டும். ரெகுலரில் நாம் வாங்கும் வரியிலிருந்து கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கட்டுகிறோம். அதாவது, நம் லாபத்துக்கு உண்டான வரி மட்டும். காம்போசிஷனில் அந்தக் கழிவு கிடையாது. அங்கே 1 சதவீதம் என்பது வரி உள்ள சரக்கின் மொத்த விற்பனை மேல்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கொள்முதல் 50 லட்சம், எல்லாம் 5 சதவீதச் சரக்கு, லாபம் 10 சதவீதம். வரியோடு கொள்முதல் 52.5 லட்சம். விற்பனை 55 லட்சம், வரியோடு 57.75 லட்சம். ரெகுலரில் வாங்கிய வரி 2.75 லட்சம், கொடுத்தது 2.5 லட்சம், கட்ட வேண்டியது 25,000 ரூபாய். அதே விலைக்கு அதே சரக்கைக் காம்போசிஷனில் விற்றால் 57.75 லட்சத்தில் 1 சதவீதம், 57,750 ரூபாய். “ஒரு பர்சென்ட்” திட்டத்தில் 32,750 ரூபாய் கூடுதலாகப் போகிறது!

இதே கொள்முதலும் லாபமும் உள்ள எலக்ட்ரிகல் கடையில், சரக்கு 18 சதவீதம் என்றால் கதை மாறும். ரெகுலரில் 90,000 ரூபாய், காம்போசிஷனில் 64,900. இங்கே காம்போசிஷன்தான் மேல். விற்கும் விலை இரண்டிலும் ஒன்றே என்று வைத்தால், 18 சதவீதச் சரக்குக்குக் கொள்முதல் விலை மேல் 7 சதவீதத்துக்கு மேல் லாபம் இருந்தாலே காம்போசிஷன் மிச்சம் தரும். 5 சதவீதச் சரக்குக்கோ லாபம் ஏறக்குறைய 27 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மளிகையில் அது எங்கே கிடைக்கிறது?

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தேங்காய் எண்ணெய் அல்லாத தலை எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. அதற்கு முன்பு போட்ட கணக்கை நம்பிக் காம்போசிஷனில் இருப்பவர்கள் கொள்முதல் பில்களை எடுத்து மறுபடி கூட்டிப் பார்ப்பது நல்லது. கணக்குப் பிள்ளையின் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காம்போசிஷனில் மூன்று மாதத்துக்கு ஒரு CMP-08 படிவம், ஆண்டுக்கு ஒரு GSTR-4 படிவம், அவ்வளவுதான். ரெகுலரில் வேலை அதிகம். மேலே சொன்ன மளிகைக் கடைக்கு அந்தக் கூடுதல் கட்டணம் மாதம் 2,700 ரூபாயைத் தாண்டினால் மிச்சம் அதிலேயே போய்விடும்.

அடுத்த தவறு, வாங்குபவர் யார் என்று பார்க்காமல் முடிவெடுப்பது. மேலே எலக்ட்ரிகல் கடைக்குச் சொன்னது வீட்டுக்கு பல்பும் ஒயரும் வாங்க வருபவர்களை வைத்து. பாதி வியாபாரம் ஜி.எஸ்.டி. எண் உள்ள கான்ட்ராக்டர்களோடு என்றால் அது செல்லாது. காம்போசிஷன் கடையின் பில்லில் அவர்களுக்கு வரி வரவு கிடைக்காது. ரெகுலர் கடையில் 118 ரூபாய் கொடுத்து 18ஐக் கழித்துக்கொள்பவர், உங்களிடம் 118 கொடுத்தால் அவருக்கு முழுசும் செலவு. இரண்டு பில் பார்த்ததும் கடை மாறிவிடுவார். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும் கடைக்குக் காம்போசிஷனே கிடையாது. ஓசூர் கடை பெங்களூருக்கு ஒரு லோடு அனுப்பினாலும் தகுதி போய்விடும். வெளிமாநிலத்திலிருந்து வாங்குவதற்குத் தடை இல்லை.

ஏற்கெனவே ரெகுலரில் இருப்பவர்கள் மாறும்போது மறப்பது கடையில் இருக்கும் சரக்கை. மார்ச் 31க்குள் CMP-02 போட்டால் ஏப்ரல் 1 முதல் மாறலாம், சரி. ஆனால் அன்று கையிருப்பில் உள்ள சரக்குக்கு எடுத்த வரி வரவை ITC-03 போட்டுத் திருப்பிக் கட்ட வேண்டும். 8 லட்சத்துக்கு 18 சதவீதச் சரக்கு இருந்தால் 1.44 லட்சம். மேலே சொன்ன எலக்ட்ரிகல் கடை காம்போசிஷனுக்கு மாறினால் ஆண்டுக்கு மிச்சமே 25,100 ரூபாய்தான். ஆகவே சரக்கு குறைந்திருக்கும் ஆண்டாகப் பார்த்து மாறுவதே புத்திசாலித்தனம். காம்போசிஷனிலிருந்து வெளியே வருபவருக்கு இதற்கு நேர்மாறு: இருக்கும் சரக்கின் வரியை வரவாக எடுக்கலாம், ஆனால் 30 நாளுக்குள் ITC-01 போட வேண்டும்.

காம்போசிஷன் எடுத்த பிறகு நடக்கும் கோளாறு பெரும்பாலும் பில்லில்தான். பழைய பில்லிங் மென்பொருள் பழக்கத்தில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்து அடித்துக்கொண்டே இருக்கும். காம்போசிஷன் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. அந்த 1 சதவீதமும் தன் கையிலிருந்து போக வேண்டியது. கொடுக்க வேண்டியது ‘பில் ஆஃப் சப்ளை’. தான் காம்போசிஷன் வியாபாரி, வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்று அதன் தலைப்பில் இருக்க வேண்டும், கடையிலும் பலகை தொங்க வேண்டும். மாறிய அன்றே மென்பொருளில் பில் வகையை மாற்றி, ஒரு பில் அடித்து அதில் எங்காவது ஜி.எஸ்.டி. தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.