தாழ்ப்பாள் விழுந்த பிறகு

என் மகளுக்கு 14 வயதானபோது அறைக் கதவு சாத்தியே இருக்கத் தொடங்கியது. நானோ தட்டிய கையோடு திறந்து உள்ளே போய்விடுவேன். "என்னை ஒதுக்குகிறாயா?" என்று ஒருநாள் கண்கலங்கிக் கேட்டேன், அன்றே தாழ்ப்பாளும் விழுந்தது. என் வருத்தத்தை ஆற்றும் வேலையை அவள் தலையில் சுமத்திவிட்டேன் என்பது பிறகே புரிந்தது. அதன்பின் தட்டிவிட்டு, "வாங்க" என்ற குரல் வராவிட்டால் திரும்பிவிடுவேன். மனக்குறையைக் கணவரிடம் கொட்டினேன். சாப்பாடு, தூக்கம், நட்பு ஆகியவை குலையாததால்தான் காத்திருந்தேன். குலைந்திருந்தால் மருத்துவரை நாடியிருப்பேன். மூன்றாவது வாரம், அருகருகே உட்கார்ந்து துணி மடிக்கையில், கையிலிருந்த சட்டையைவிட்டுக் கண்ணெடுக்காமல், தோழியுடன் வந்த சண்டையைத் தானாகவே சொன்னாள். அறிவுரை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது, தாழ்ப்பாள் போடுவதில்லை.