மச்சாளின் கணக்கு முடங்கியபோது

கோண்டாவிலில் இருக்கும் மச்சாள், பனையோலைப் பெட்டி இழைக்கும் வீடியோக்களைச் சீனத் தளமொன்றில் போடுவார். போன மாதம் கணக்கு முடங்கிவிட்டது. அறிவித்தலின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் பாதி பிழையாக வந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியதில், எழுத்துகளின் நெருக்கமான கோடுகள் ஒட்டிப்போயிருந்தன.

"படமாக வேண்டாம், டொக்கியூமென்டாக அனுப்புங்கோ மச்சாள்" என்றேன். இம்முறை சரியாக வாசித்தது: பிறர் வீடியோவை எடுத்துப் போட்டதாகச் சந்தேகம்.

கீழே இரண்டு பொத்தான்கள். 注销账号 என்பதைச் செயலி 'வெளியேறு' என்றது. மனதுக்கு உறுத்தியது, அகராதியில் தேடினேன். கணக்கையே அழித்துவிடுவதாம்! நல்லகாலம், மச்சாள் அதைத் தொடவில்லை. 申诉 தான் மேன்முறையீடு. அதை அழுத்தி இரண்டு வரி விளக்கம் எழுதி, பாதி இழைத்த பெட்டியோடு அவர் இருக்கும் படத்தையும் சேர்த்தோம். மூன்றாம் நாள் கணக்கு திறந்தது.